13 நிமிட வாழ்த்துரையை 5 நிமிடத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

"அடுத்த மாதம் அக்காவுக்குச் சுயமரியாதைத் திருமணம். மேடையில் பேச எனக்கு 5 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எழுதி முடித்து வாய்விட்டுப் படித்தால் 13 நிமிடம் வருகிறது. பெரியவர்களை விளிப்பது, ஒரு குறள், அக்கா பிறந்தது முதல் வேலைக்குப் போனது வரை, மூன்று சம்பவங்கள், மாமாவைப் பற்றிக் கொஞ்சம், அறிவுரை, வாழ்த்து எல்லாம் இருக்கின்றன. எதை எடுத்தாலும் குறையாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு மைக்கைக் கண்டாலே தொண்டை அடைக்கும். என்ன செய்யலாம்?"

நீளம், பயம் என்று இரண்டு சிக்கல்களாக இதைச் சொல்லியிருக்கிறீர்கள். உண்மையில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. 5 நிமிடத்துக்குள் 13 நிமிடப் பேச்சை முடிக்க வேண்டும் என்ற நினைப்போடு மேடை ஏறுபவர் முதல் வரியிலேயே ஓட ஆரம்பிக்கிறார். ஓடும்போது வாக்கியங்களுக்கு நடுவே மூச்சு எடுக்க நேரம் இருக்காது. மூச்சு குறைந்தால் குரல் மெலியும், நடுங்கும். அந்த நடுக்கம் அவர் காதிலேயே விழும்போது பயம் இன்னும் ஏறும். ஆகவே முதலில் வெட்டுங்கள், பிறகு பயிற்சி செய்யுங்கள். வெட்டாமல் வைத்துக்கொண்டு எத்தனை முறை ஒத்திகை பார்த்தாலும், ஓட்டத்தைத்தான் பழகுவீர்கள்.

நேரக் கணக்கிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலப் பேச்சுக்கலை வழிகாட்டிகளில் நிமிடத்துக்கு 130 சொல் என்பது போன்ற கணக்குகளைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்களாக நிற்பது, "வீட்டிலிருந்து", "சொல்லிக்கொண்டிருந்தாள்" என்று தமிழில் ஒரே சொல்லாகிவிடுகிறது. மண்டபத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 முதல் 100 தமிழ்ச் சொற்கள் வரும். இது தோராயம்தான், ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் வேகத்தை நீங்களே அளந்துகொள்ளலாம். பேச்சின் ஏதாவது ஒரு பக்கத்தில் சொற்களை எண்ணுங்கள். எழுந்து நின்று, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி படித்து, கைபேசியில் நேரம் பாருங்கள். நிமிடத்துக்கு 90 வருகிறது என்றால் 5 நிமிடத்துக்கு 450 சொல். ஆனால் 450 சொல் எழுதாதீர்கள். மைக்கை வாங்குவது, சபை சிரித்து முடிக்கும்வரை நிற்பது, கைதட்டல், நடுவில் யாரோ ஒரு பெரியவர் மேடை ஏறுவதால் வரும் சலசலப்பு எல்லாவற்றுக்கும் நேரம் போகும். எழுத்தில் 4 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது உங்கள் இலக்கு சுமார் 350 சொற்கள்.

இப்போது பிரதியை அச்செடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக வாய்விட்டுப் படித்து, எத்தனை நொடி ஆனது என்று ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். மனசுக்குள் படித்து அளக்க வேண்டாம். கண் வாயைவிட வேகமானது. நீங்கள் சொன்ன பட்டியலை வைத்து நானே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறேன், உங்களுடையது கொஞ்சம் வேறாக இருக்கலாம். விளிப்பும் நன்றியும் 1 நிமிடம் 40 நொடி. குறளும் விளக்கமும் 1 நிமிடம் 10 நொடி. அக்காவின் வரலாறு 3 நிமிடம். மூன்று சம்பவங்களும் சேர்ந்து 4 நிமிடம் 40 நொடி. மாமாவைப் பற்றி 30 நொடி. அறிவுரை 1 நிமிடம் 20 நொடி. வாழ்த்து 40 நொடி. ஆக மொத்தம் 13 நிமிடம். இப்படி எழுதிப் பார்த்தவுடனேயே கண்ணில் படும்: அக்காவைப் பற்றி ஒரு வார்த்தையும் வராமல் கிட்டத்தட்ட 3 நிமிடம் போய்விடுகிறது. சபை காதைத் திறந்து வைத்திருக்கிற நேரமே அந்த முதல் சில நிமிடங்கள்தான்.

வெட்டும்போது எல்லாரும் செய்கிற தவறு, எல்லாப் பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவது. அப்படிச் செய்தால் 13 நிமிடம் 10 ஆகுமே தவிர 4 ஆகாது. ஒவ்வொரு சம்பவமும் எலும்பும் தோலுமாகி, எதுவும் மனதில் நிற்காது. முழுப் பகுதிகளாகத்தான் எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்பதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இதை இந்த மேடையில் வேறு யாராவது சொல்லிவிட முடியுமா? முடியும் என்றால் அது உங்கள் பேச்சில் இருக்க வேண்டியதில்லை. குறளை எடுத்துக்கொள்ளுங்கள். திருமண மேடை என்றால் "அன்பும் அறனும்" என்ற 45-ஆவது குறள்தான் பெரும்பாலும் வரும், உங்களுக்கு முன்னால் பேசுபவர்களில் ஒருவராவது அதைச் சொல்லிவிடுவார். அறிவுரையும் அப்படித்தான். தலைமை ஏற்பவரும் பெரியவர்களும் அதைச் சொல்வார்கள், அவர்கள் சொன்னால்தான் பொருந்தும். தம்பி அக்காவுக்கு இல்லறம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டையும் முழுதாக எடுத்துவிடுங்கள், 2 நிமிடம் 30 நொடி மிச்சம்.

பிறந்தது முதல் வேலை வரையிலான வரலாறுதான் கை வைக்கத் தயங்கும் இடம். அதில் இருப்பதெல்லாம் உண்மை, எல்லாமே பெருமைப்பட வேண்டியவை. ஆனால் பள்ளி, கல்லூரி, மதிப்பெண், முதல் வேலை என்று வரிசையாகச் சொன்னால் சபைக்கு அது பயோடேட்டா வாசிப்பது போலத்தான் கேட்கும். உறவினர்களுக்கு அது தெரியும், தெரியாதவர்களுக்கு நினைவில் நிற்காது. அந்த 3 நிமிடத்திலிருந்து ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் நீங்கள் சொல்லப்போகும் சம்பவத்துக்குத் தேவையாக இருந்தால் மட்டும். மூன்று சம்பவங்களில் ஒன்றைத்தான் வைக்க வேண்டும். வீட்டாருக்கு மட்டும் புரிகிற வேடிக்கை முதலில் போகட்டும். முன்வரிசையில் பத்துப் பேர் சிரிக்கும்போது மீதிப் பேர் தாங்கள் வெளியாள் என்று உணர்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் பாதி மண்டபத்தில் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். அக்காவைக் கிண்டல் செய்யும் சம்பவமும் வேண்டாம், வீட்டுக்கூடத்தில் இனித்தது மைக்கில் உறுத்தும். அக்கா என்ன *செய்தார்* என்று கண்ணால் பார்ப்பது போலச் சொல்ல முடிகிற சம்பவம் எதுவோ, அதுவே உங்கள் பேச்சு.

விளிப்பு மட்டும் நம் மேடைக்கே உரிய தனிச் சிக்கல். "அவர்களே, அவர்களே" என்று பன்னிரண்டு பெயர் சொன்னால் ஒன்றரை நிமிடம் போய்விடும், பதின்மூன்றாவது ஆள் விட்டுப்போனதற்கு வருத்தப்படுவார். வரவேற்புரை யார் பேசுகிறார் என்று கேட்டு, பெயர்கள் எல்லாம் அங்கே வந்துவிடும் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு உங்களுக்கு இவ்வளவு போதும்: "தலைமையேற்று நடத்திவைத்த ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, இரு வீட்டு உறவுகளே, நண்பர்களே, வணக்கம்." ஒரே மூச்சில் முடியும். ஆனால் பெரியப்பா பெயரையோ தாய்மாமன் பெயரையோ சொல்லாவிட்டால் வீட்டில் பேச்சு வருமா என்பதை வெளியிலிருந்து நான் சொல்ல முடியாது. அதை அப்பா அம்மாவிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் ஒன்றிரண்டு பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் குறைக்காமல் கூட்ட வேண்டும். மாமாவுக்கு 30 நொடி போதாது. அக்காவைப் பற்றி இரண்டு நிமிடம் உருகிவிட்டு மாமாவை ஒரு வரியில் முடித்தால், அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது கேட்கும். அவரை நன்றாகத் தெரியாது என்றால் தெரிந்தது போலப் பாராட்ட வேண்டாம். நீங்கள் நேரில் கவனித்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லுங்கள், அவர் வந்த பிறகு அக்காவிடம் கண்ட ஒரு மாற்றத்தைச் சொன்னாலும் சரி. புதிய கணக்கு இப்படி வரும்: விளிப்பு 20 நொடி, சம்பவம் 1 நிமிடம் 20 நொடி, அதிலிருந்து அக்காவின் குணத்துக்கு வருவது 30 நொடி, மாமா 50 நொடி, வாழ்த்து 40 நொடி. மொத்தம் 3 நிமிடம் 40 நொடி. இடைநிறுத்தங்களைச் சேர்த்தால் 4 நிமிடம்.

பகுதிகளை வெட்டிய பிறகே வாக்கியங்களுக்கு வர வேண்டும். உதாரணத்துக்கு, உங்கள் பிரதியில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அந்தக் காலகட்டத்தில், மின்வெட்டு மிகவும் அதிகமாக இருந்த ஒரு நாளில், மறுநாள் கணிதத் தேர்வை வைத்துக்கொண்டு படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்த எனக்கு, விடிய விடிய அருகில் அமர்ந்து விசிறிவிட்டுக்கொண்டே டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என் அக்கா." எழுத்தில் இதில் பிழை இல்லை. ஆனால் 30 சொற்கள், அக்கா வருவது முப்பதாவது சொல்லில். அதுவரை யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியாமல் கேட்பவர் எல்லாவற்றையும் மனதில் சுமக்க வேண்டும். படிப்பவர் திரும்பிப் போய்ப் படிக்கலாம், கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. இதையே இப்படிச் சொல்லலாம்: "மறுநாள் கணக்குப் பரீட்சை. ராத்திரி 11 மணிக்குக் கரண்ட் போய்விட்டது. அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விடியும்வரை எழுந்திருக்கவில்லை." 16 சொற்கள், நான்கு இடங்களில் மூச்சு எடுக்கலாம். விசிறி போய்விட்டதே என்று தோன்றும். டார்ச் இருக்கும்போது விசிறி வேண்டாம், ஒரு காட்சிக்கு ஒரு பொருள் போதும்.

தமிழில் பேசும்போது இன்னொரு கவனமும் வேண்டும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. நடந்ததா நடக்கவில்லையா என்பதே கடைசி அசைகளில்தான் தெரியும். பதற்றத்தில் பேசுபவருக்கோ மூச்சு தீர்வதும் குரல் இறங்குவதும் சரியாக அந்த இடத்தில்தான். "எழுந்திருக்கவில்லை" என்பதில் "வில்லை" விழுங்கப்பட்டால் சம்பவமே தலைகீழாகிவிடும். மண்டபத்தில் எதிரொலி இருந்தால் இன்னும் மோசம். வாக்கியத்தைச் சின்னதாக்குவதற்கு முதல் காரணமே இதுதான், கடைசிச் சொல்லுக்கு மூச்சு மிச்சம் இருக்க வேண்டும். ஒத்திகையைப் பதிவு செய்து, வேறு எதையும் கவனிக்காமல் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் கேளுங்கள். தேய்கிற இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்ற குழப்பமும் வரும். விளிப்பும் வாழ்த்தும் மேடைத் தமிழிலும், சம்பவத்துக்குள் அக்கா பேசும் வரி வீட்டில் பேசியபடியே பேச்சுத் தமிழிலும் இருக்கட்டும். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டும் கலந்தால்தான் நாக்கு இடறும். வாய்விட்டுப் படிக்கும்போது ஒரே இடத்தில் இரண்டு முறை இடறினால் பயிற்சி போதவில்லை என்று நினைக்காதீர்கள், அந்தச் சொல்லையே மாற்றுங்கள்.

வெட்டி முடித்த பேச்சைத் தபால் அட்டை அளவு அட்டைகளில், ஒரு பக்கம் மட்டும், பெரிய எழுத்தில் எழுதுங்கள். நான்கைந்து அட்டைகள் வரும். எண் போட்டு, ஒரு மூலையில் துளையிட்டு நூலால் கட்டிவிடுங்கள், கீழே விழுந்தாலும் வரிசை கலையாது. முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் முழுதாக எழுதுங்கள், நடுவில் குறிப்புச் சொற்கள் போதும். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்வது ஆபத்து, ஒரு வரி மறந்தால் அடுத்த வரிக்குப் போக வழி இருக்காது. கைபேசியைப் பார்த்துப் படிப்பதும் வேண்டாம். திரை அணைந்துவிடும், நடுவில் அழைப்பு வரும். தாளாக இருந்தால் கை நடுக்கம் தாளில் பெரிதாகத் தெரியும், அட்டையில் தெரியாது.

ஒத்திகைக்கு ஒரு வாரம் போதும். முதல் இரண்டு நாள் உட்கார்ந்தபடி வாய்விட்டுப் படித்து, இடறும் சொற்களைச் சரி செய்யுங்கள். மூன்றாம் நாளிலிருந்து நின்றபடி, ஒரு கையில் அட்டை, இன்னொரு கையில் கரண்டி. கரண்டிதான் மைக். வேடிக்கையாகத் தோன்றினாலும் தேவை இருக்கிறது: மைக் பிடித்த கையால் அட்டையைப் புரட்ட முடியாது என்பதையும், தலையைத் திருப்பும்போது மைக்கும் கூடவே திரும்ப வேண்டும் என்பதையும் வீட்டிலேயே கை பழக வேண்டும். வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில், முகவாய்க்கு நேராகப் பிடியுங்கள். மேலே இருக்கும் வலையைக் கையால் மூடினால் மைக் ஊளையிடும். ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும், ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் இரண்டு மூன்று பேர் முன்னால் பேசிக் காட்டுங்கள், அவர்களில் ஒருவராவது அந்தச் சம்பவத்தை அறியாதவராக இருக்கட்டும். முடிந்ததும் "எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள். "என்ன நினைவிருக்கிறது" என்று கேளுங்கள். டார்ச்சைச் சொன்னால் பேச்சு தயார். சொல்லாவிட்டால் அதன் முன்னால் இன்னும் ஏதோ கூடுதலாக இருக்கிறது.

பயத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது, நடுக்கம் உங்களுக்குத் தெரிகிற அளவுக்குச் சபைக்குத் தெரியாது என்பதுதான். கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பேசியவர்கள் தங்கள் பதற்றம் வெளியே தெரிவதாக நினைத்த அளவுக்குக் கேட்டவர்கள் அதைக் கவனிக்கவில்லை. இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பேச வைத்தபோது அவர்கள் மேலும் நன்றாகப் பேசினார்கள். அது மாணவர்களை வைத்துச் செய்த சோதனை, கல்யாண வீடு அல்ல, ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பெயரை அழைப்பதற்கு முன், நாலு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து ஆறு எண்ணும் நேரம் விடுவதை ஐந்து முறை செய்யுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். எல்லாருக்கும் ஒரே அளவு பலன் தருமா என்பது சந்தேகம், கெடுதல் இல்லை. படபடப்புக்கு மாத்திரை போடச் சொல்பவர்கள் இருப்பார்கள். மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம், அந்த வகை மாத்திரைகளில் சில ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானவை.

தொண்டை அடைப்பது எப்போதும் பயத்தால் வருவதில்லை. அக்கா வீட்டை விட்டுப் போகிறாள் என்ற நினைப்பாலும் வரும். ஒத்திகையில் எந்த வரியில் அடைக்கிறது என்று பாருங்கள், ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த வரியை ஐந்தாறு சொல்லுக்குள் சுருக்கி, அதன் முன்னால் அட்டையில் ஒரு கோடு போடுங்கள். அங்கே நின்று, மூச்சு எடுத்து, பிறகு சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்லும்போது அந்த வரியின் வேகம் ஓரளவு தணியும். அந்த நேரத்தில் அம்மா முகத்தையும் அக்கா முகத்தையும் பார்க்காதீர்கள், கடைசி வரிசையில் இருப்பவரைப் பாருங்கள். அப்படியும் உடைந்தால் மைக்கைக் கீழே இறக்கி, தண்ணீர் குடித்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம், சபை காத்திருக்கும்.

கடைசியாக ஒரு முன்னேற்பாடு. இத்தகைய திருமணங்களில் முன்னால் பேசுபவர்கள் நேரத்தை நீட்டிவிடுவது சாதாரணம். உங்கள் முறை வரும்போது பந்திக்கு இலை போட்டிருப்பார்கள், "தம்பி, ரெண்டே நிமிஷம்" என்று யாராவது காதில் சொல்வார்கள். அதனால் நிகழ்ச்சி நிரலில் உங்கள் பெயர் எத்தனையாவது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அட்டைகளில் விளிப்பு, சம்பவம், வாழ்த்து ஆகிய மூன்றின் மூலையில் மட்டும் சிவப்புப் புள்ளி வையுங்கள். மாமாவுக்கான ஒரு வரியை வாழ்த்து அட்டையின் தலைப்பில் எழுதி வையுங்கள். சம்பவத்தில் முன்கதையை விட்டுவிட்டு நேரே கரண்ட் போன இடத்தில் தொடங்கினால், சிவப்புப் புள்ளி அட்டைகள் மட்டும் 2 நிமிடத்துக்குள் முடியும். இந்தக் குறுக்கு வழியையும் ஒத்திகையில் இரண்டு முறை பேசிப் பார்த்து, நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.